ஓசியாரின் நிரந்தரச் சொந்தம்

ஓசியார் என்ற பெயர் அவருக்கு அலுவலகத்தில் விழுந்தது. 'ஓசி' என்று மொட்டையாகக் கூப்பிட்டால் நாற்பத்தெட்டு வயதுக்கு மரியாதை இல்லை. 'சார்' என்று மட்டும் கூப்பிட்டால் ஆள் யாரென்று விளங்காது. அதனால் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டுக்கும் பொதுவாக ஒரு 'ஆர்' விகுதி போட்டு விட்டான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அந்தப் பெயர் இரண்டே வாரத்தில் உதிர்ந்திருக்கும்.

அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி அது. அதில் ஏற்றுமதிக் காகிதங்களைத் தயார் செய்வது அவர் வேலை. கப்பல்காரன் ஒரு நேரம் குறித்துக் கொடுப்பான். அதற்குள் காகிதம் போய்ச் சேராவிட்டால் சரக்கு கரையிலேயே நிற்கும். பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடக் கெடுவைத் தாண்ட விட்டதில்லை. யாரும் அதைப் பாராட்டியதும் இல்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த காகிதத்தை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

அந்தக் கைத்திறமைக்கு ஒரு வடிகால் கிடைத்தது ஏழு வருஷத்துக்கு முன்னால். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் விற்கிற இணையக் கடை ஒன்று வாராவாரம் ஓரிரு விளையாட்டுகளை இலவசமாகக் கொடுக்கிறது என்று எங்கோ படித்தார். வியாழக்கிழமை புதுசு வரும், அடுத்த வியாழன் அதே நேரத்துக்குப் போய்விடும். அதற்குள் பொத்தானை அமுக்கி வாங்கிக்கொண்டால் அது உங்கள் நூலகத்தில் சேர்ந்துவிடும். விலை பூஜ்யம் என்று போட்டு ஒரு ரசீதும் மெயிலில் வரும். பின்னாலே கடை அதற்கு என்ன விலை வைத்தாலும், கடையிலிருந்தே தூக்கிவிட்டாலும், வாங்கினவர் கணக்கில் அது இருக்கும். 'என்றென்றும் உங்களுடையது' என்று போட்டிருந்தார்கள். அந்த வரியை அவர் வாய்விட்டு ஒருதரம் படித்தார். வாழ்க்கையில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கணக்குத் திறக்கும்போது ஒரு மெயில் முகவரி கேட்டார்கள். அவருக்குச் சொந்தமாக ஒன்று இருந்தது. மகள் படிப்பு, வங்கி, மருத்துவமனை எல்லாம் அதில்தான் வரும். ஓசிச் சாமானுக்கெல்லாம் எதுக்கு நல்ல மெயில் என்று நினைத்தார். அலுவலக முகவரியைக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து, இலவசம் வேண்டுமானால் கூடுதல் பாதுகாப்பு போடு, சரிபார்ப்பு எண் எங்கே அனுப்பட்டும், செல்போன் செயலிக்கா, எஸ்எம்எஸ்ஸா, மெயிலா என்று கடை கேட்டது. மெயில் என்றார்.

அவ்வளவுதான் செய்த தப்பு. அதைச் செய்ய அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

அதற்கப்புறம் வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் அவருக்கு வேறு மாதிரி ஆனது. சாப்பாட்டு அறையின் மூலை மேஜையில் அலுவலக லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் அமுக்குவார். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் பாடம் நடக்கும்.

"இது வார இறுதிக்கு மட்டும் இலவசம். ரெண்டு நாள் ஆடலாம், அப்புறம் பூட்டிடுவான். இதை நம்பி ஏமாறக் கூடாது. அதோ அது மாதச் சந்தா கட்டுறவங்களுக்கு. கட்டுறதை நிறுத்தினா அதுவும் போயிடும். இது பாருங்க, இதுதான் அசல். எடுத்து வெச்சா வெச்சதுதான்."

"இது என்ன சார், நம்பர் மாதிரி?"

"அது கோடு, ரகசிய எண். இங்கே வாங்கி வேற கடையில போய்ப் போடணும். அதுக்கும் ஒரு கெடு இருக்கு. வாங்கிட்டோம்னு சும்மா இருந்தா கோடு செத்துப்போயிடும். நிறைய பேர் அங்கேதான் கோட்டை விடுறாங்க."

"நீங்க விட்டதில்லையா?"

"நானா?" என்று மட்டும் சொல்வார்.

அந்தக் கடையில் எடுத்ததையெல்லாம் தேதி போட்டு ஒரு நீல நோட்டில் எழுதி வைத்தார். ஏழு வருஷத்தில் அறுநூற்று நாற்பத்தொன்று. அதில் அவர் விளையாடியது ஒன்றே ஒன்று, சீட்டு அடுக்குகிற ஆட்டம். அலுவலக லேப்டாப்பில் மற்றதெல்லாம் ஓடாது. வீட்டில் இருந்த கம்ப்யூட்டருக்கு மெயில் திறக்கவே மூச்சு வாங்கும். ஒரு பந்தய ஆட்டத்தை நடத்தினவர்கள் அதன் சர்வர்களை ஒரேயடியாக மூடிவிட்டார்கள். நூலகத்தில் படம் இருக்கிறது, திறந்தால் 'இணைப்பு இல்லை' என்று வருகிறது. அதையும் அவர் எண்ணிக்கையிலிருந்து கழிக்கவில்லை.

"திறக்கலைன்னா என்ன, இருக்குல்ல" என்றார் மனைவியிடம்.

மனைவி மருத்துவமனையில் நர்ஸ். திறக்காத கண்களை நிறைய பார்த்தவள்.

"இருக்குதான். எங்க வார்டுல கூட நாலு பேர் அப்படி இருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை ஓசியாரையும் இன்னும் எட்டுப் பேரையும் ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். காகிதங்களை இனிமேல் ஒரு மென்பொருள் தயார் செய்யுமாம். மேனேஜரம்மா நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். லேப்டாப், அடையாள அட்டை, மேஜைச் சாவி மூன்றையும் ஒப்படைக்க வேண்டும். சொந்தக் கோப்பு ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம். அவர் மகளின் படங்களை எடுத்துக்கொண்டார். தன் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டார். அறுநூற்று நாற்பத்தொன்று நினைவுக்கு வரவில்லை. அது லேப்டாப்பில் இல்லையே, அதுபாட்டுக்குக் கடையில் பத்திரமாக இருக்கிறது.

பத்து நாள் படுத்தே கிடந்தார். அப்புறம் எழுந்தார். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது, அதுவும் சந்தோஷமாகவே வந்தது. இப்போது நேரம் இருக்கிறது. வயது இருக்கிறது. ஏழு வருஷச் சேமிப்பு அப்படியே இருக்கிறது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆடலாம். யாரிடமும் கை நீட்ட வேண்டாம். வேலை போன மனுஷனுக்கு இப்படி ஒரு சொத்து எத்தனை பேருக்கு இருக்கும்?

மனைவியின் தம்பி பழைய விளையாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். ஓசியார் அதைத் துடைத்து, கடையின் மென்பொருளை இறக்கி, மெயிலும் கடவுச்சொல்லும் அடித்தார். 'புதிய சாதனத்திலிருந்து நுழைகிறீர்கள். உங்கள் மின்னஞ்சலுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம்' என்றது திரை.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, பேயைப் பார்த்த மாதிரி?" என்றாள் மனைவி.

"நம்பர் ஆபீசுக்குப் போயிருக்கு."

"நீங்களே இப்போ ஆபீஸ் போறதில்லையே."

"அதான்."

அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவனுக்குச் 'சர்வர்' என்று பெயர். ஓட்டலில் வேலை பார்ப்பவன் மாதிரி இருக்கிறதென்று முதலில் கடுப்பானான், பிறகு அவனே அந்தப் பெயரில் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டான். முப்பது வயதுக்காரன். அவனோடுதான் அவர் அதிகம் சாப்பிட்டிருப்பார். செவ்வாய்க்கிழமை அவனுக்குப் போன் போட்டார்.

"மெயில் பெட்டி இருக்கு சார். போனவங்க பெட்டியை முப்பது நாள் வெச்சிருப்போம். வெள்ளிக்கிழமை காலைல ஒன்பதுக்கு அதுவா அழியும்."

"ஒரே ஒரு நம்பர் தம்பி. போன்லயே சொல்லிடேன்."

"போன்ல சொல்லக் கூடாது சார், விதி. வியாழக்கிழமை மத்தியானம் நேர்ல வாங்களேன். எல்லாரும் உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

இன்னொரு ஆள் என்றால் அந்தக் கடைசி வாக்கியத்தில் சந்தேகப்பட்டிருப்பான். இவர் சட்டை தேய்த்தார்.

வரவேற்பில் 'விருந்தாளி' என்று எழுதிய ஒட்டுத்தாளைச் சட்டையில் ஒட்டினார்கள். சர்வர் அவரைச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போகவில்லை. பெரிய திரை வைத்த கூட்ட அறைக்குக் கூட்டிப் போனான். ஏழெட்டுப் பேர் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் மேனேஜரம்மா காப்பியோடு நின்றாள். திரையில் அவருடைய மெயில் பெட்டி.

"சும்மா பார்க்கலாம்னு தேடினேன் சார். அறுநூத்துச் சொச்சம் ரசீது. எல்லாம் பூஜ்யம்" என்றான் சர்வர். சுட்டியை உருட்டினான். ரசீதுகள் மழை மாதிரி இறங்கின.

"படிடா, படி" என்றது ஒரு குரல்.

"பன்றிப் பண்ணை மேலாளர். சார், இது எப்போ?"

"அது மூணாவது வருஷம்" என்றார் ஓசியார், கேட்டதற்குப் பதில் சொல்லும் பழக்கத்தில்.

"ஆந்தை வக்கீல். ஆந்தை வக்கீல் ரெண்டாம் பாகம். முதல் பாகத்துல கேஸ் தோத்துடுச்சோ?"

சிரித்தார்கள். ஓசியாரும் சிரித்தார். எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைத்தார்.

"சார், இது ஒவ்வொண்ணும் அலுவலக நேரத்துலதானே?"

"மதியம். சாப்பாட்டு வேளை."

"லேப்டாப் யாருது?"

மேனேஜரம்மா காப்பியை ஊதிக் குடித்தாள்.

"சரி, வயசானவரைப் படுத்தாதீங்க. நம்பர் கேளுங்க சார்" என்றான் சர்வர். பெரிய திரையை அணைத்து, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். ஓசியார் தன் செல்போனில் கடைக்குள் நுழைய முயன்று எண் கேட்டார். உள்ளே போனதும் மெயில் முகவரியை மாற்றிவிட வேண்டும். மாற்றுவதற்கு இன்னொரு எண் வரும், அதையும் இங்கேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். வரிசையாக மனசுக்குள் வைத்திருந்தார்.

"வந்துடுச்சு. எழுதிக்கோங்க. நாலு. ஏழு. ஏழு. ஒன்பது. பூஜ்யம். பூஜ்யம்னா உங்களுக்குப் பழக்கம்தானே. ரெண்டு."

அடித்தார். தவறு என்றது.

"அடடா, ஒன்பது இல்லை, ஆறு. தலைகீழா படிச்சிட்டேன்." ஆறு போட்டார். தவறு. "அப்போ கடைசி ரெண்டா அஞ்சா? கண்ணு தெரியல சார், அஞ்சு போடுங்க." தவறு. யாரோ மேஜையைத் தட்டித் தாளம் போட்டார்கள். ஓசியார் புது எண் கேட்டார். வந்தது. சர்வர் அதை அறிவிப்பாளர் குரலில், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு, முன்பின்னாகப் படித்தான்.

"தம்பி, சரியா சொல்லுப்பா."

"சரியாத்தான் சார் சொல்றேன். நீங்கதான் கெடுவுக்குள்ள அடிக்கல."

மறுபடி தவறு. அதற்கடுத்த தடவை செல்போன் திரை வெள்ளையாகி ஒரு பத்தி வந்தது. பல முறை தவறான எண் தரப்பட்டதால் உங்கள் பாதுகாப்புக் கருதி இந்தக் கணக்கில் நுழைவது இருபத்துநாலு மணி நேரத்துக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது.

அதை அவர் சத்தமாகப் படித்தார். சிரிப்பு அரைகுறையாக நின்றது.

"அட, பூட்டியே போச்சா?" என்றான் சர்வர். ஒரு நொடி அவன் முகம் மாறியது, பிறகு பழையபடி ஆனது. "விளையாட்டுக்குப் பண்ணினேன் சார். விளையாட்டுக்குத்தானே வந்தீங்க."

"நாளைக்கு இந்நேரம்தான் திறக்கும். பெட்டியை ஒரே ஒரு நாள் தள்ளி அழிக்கலாமா?"

"என் கையில இல்லை சார். அது தானா அழியுறது. நிறுத்தணும்னா மேடம் எழுத்துல தரணும்."

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். மேனேஜரம்மா காப்பிக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வேலை சம்பந்தமா இருந்தா கண்டிப்பா கொடுத்திருப்பேன் சார். கேம்ஸுக்குன்னு எப்படி எழுதுறது, நீங்களே சொல்லுங்க."

பத்தொன்பது வருஷம் காகிதம் எழுதினவர். எப்படி எழுதுவதென்று அவருக்குத் தெரியும். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. அவர்கள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்கள். வாசலில் ஒட்டுத்தாளைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தார்.

வெள்ளி காலை ஒன்பதுக்குப் பெட்டி அழிந்தது. மத்தியானம் ஒன்றரைக்குப் பூட்டுத் திறந்தது. எண் அனுப்பியிருக்கிறோம் என்றது திரை. எங்கே என்று யாருக்கும் தெரியாது.

சொந்த மெயிலிலிருந்து கடையின் உதவிப் பிரிவுக்கு எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது, மிக இனிமையாக. கணக்கு உங்களுடையது என்று நிரூபிக்க ஐந்து கேள்விகள். கணக்குத் தொடங்கிய நாள் எது? தெரியும். எந்த ஊரிலிருந்து? தெரியும். இணைத்த வேறு கணக்குகள்? இல்லை. பணம் செலுத்திய அட்டையின் கடைசி நாலு எண்? அட்டை கொடுத்ததே இல்லை. ஏதாவது ஒரு ரசீதின் எண்?

அறுநூற்று நாற்பத்தொரு ரசீது இருந்தது. எல்லாம் அந்தப் பெட்டியில். திரையில் மழையாக இறங்கியபோது அவர் அதில் ஒன்றின் எண்ணைக்கூட மனசில் குறித்துக்கொள்ளவில்லை. ஆந்தை வக்கீலுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் நீல நோட்டை எடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து அறுநூற்று நாற்பத்தொன்றையும் தேதியோடு, வரிசை பிசகாமல் அடித்து அனுப்பினார். இவ்வளவு துல்லியமாக வேறு யாருக்குத் தெரியும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பதில் வந்தது. 'உங்கள் பொறுமைக்கு நன்றி. நாங்கள் இலவசமாக வழங்கியவற்றின் பட்டியலும் தேதிகளும் பொதுவில் கிடைப்பவை. ஆகையால் அவற்றை உரிமைக்கான சான்றாக ஏற்க இயலாது. கணக்கில் பதிவான மின்னஞ்சலை வைத்திருப்பவரையே கணக்கின் உரியவராகக் கருதுகிறோம். உங்கள் நாள் இனிதாகட்டும்.'

சண்டை போட எதையாவது பிடிக்கலாம் என்று, ஏழு வருஷத்துக்கு முன்னால் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' அமுக்கிய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தார். சாப்பாட்டு மேஜையில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மனைவி எதிரில் யூனிபாரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னதான் போட்டிருக்கான்?"

"உள்ளடக்கம் உங்களுக்கு விற்கப்படுவதில்லை. பயன்படுத்த அனுமதி மட்டும் அளிக்கப்படுகிறது. அனுமதி உங்களுக்கு மட்டும். யாருக்கும் கொடுக்க முடியாது, விற்க முடியாது. கணக்கு இருக்கிற வரைக்கும்."

"அப்போ என்றென்றும்னு போட்டது?"

"அதுவும் பொய்யில்லை. கணக்கு இருந்தா அவனா திருப்பி எடுக்க மாட்டான். எனக்குத்தான் உள்ளே போக வழியில்லை."

"சொந்தம்னு இத்தனை வருஷம் சொன்னீங்களே."

"சொந்தம்தான்."

"எங்க பெரியப்பா கூடத்தான் சொந்தம். வீட்டு வாசல்ல நிக்க விட மாட்டார்." அவள் யூனிபாரத்தைப் பையில் வைத்தாள். "ஏழு வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமை நீங்க எடுத்து வெச்சது பொருளே இல்லையா? அனுமதியா?"

"அனுமதி."

"எதையாவது இறக்கி டிஸ்க்ல போட்டு வெச்சிருக்கலாமே."

"சில கடையில அப்படிக் கொடுப்பான். பூட்டே இருக்காது, இறக்கி வெச்சுக்கிட்டா யாரும் கேட்க முடியாது. அங்கே தனியா பன்னிரண்டு எடுத்தேன்."

"எங்கே அது?"

"இறக்கலை. எங்கே ஓடப் போகுதுன்னு இருந்தேன். அதுவும் அதே மெயில்தான்."

அவள் அவரைப் பார்த்தாள். நோயாளியின் கால் கட்டைப் பிரித்துப் பார்க்கிற மாதிரியான பார்வை அது. "நல்லவேளை, நான் உங்க மெயில்ல இல்லை" என்றாள்.

அடுத்த வியாழன் அவர் புதுக் கணக்குத் திறந்தார். சொந்த மெயில் கொடுத்தார். சரிபார்ப்பு எண் செல்போன் செயலிக்கே வரும்படி வைத்தார். செல்போன் தொலைந்தால் உள்ளே போக உதவும் எண்களை அச்சடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். எல்லாம் சரியாகச் செய்தார். அந்த வாரம் கொடுத்தது ஒரு காட்டுக்குள் நடந்து போகிற ஆட்டம். நீல நோட்டில் அது ஏற்கெனவே இருநூற்றுப் பதினெட்டாவது. முன்பின் தெரியாத ஆளுக்குத் தருவது போலக் கடை அதை அவருக்குத் தந்தது. வாங்கினார். ரசீதைச் சேமித்தார். இறக்கினார். சாயந்திரம் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது ஆட ஆரம்பித்தார்.

முதல் மூன்று நிமிஷம் நன்றாக இருந்தது. மரங்கள் உண்மையாகவே அசைந்தன. நாலாவது நிமிஷம் சுட்டியை நகர்த்தியபோது காடு முழுக்கச் சுற்றியது. நெற்றியில் வேர்த்தது. ஏழாவது நிமிஷம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒன்பதாவது நிமிஷம் குளியலறைக்கு ஓடினார். பாதி வழி வரைக்கும்தான் முடிந்தது.

மனைவி தரையைத் துடைத்தாள். பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்தாள்.

"சிலருக்கு இப்படித்தான். கண்ணு நகருதுங்குது, காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் நகரலைங்குது. ரெண்டுக்கும் ஒத்துப்போகலைன்னா வயிறு புரட்டும். பஸ்ல பின்னாடி சீட்டுல உட்கார்ந்தாலே உங்களுக்கு ஆகாதே."

"பழகினா சரியாகுமா?"

"இந்த வயசுலயா?" அவள் பையைத் தோளில் மாட்டினாள். "அந்த அறுநூத்து நாப்பத்தொண்ணுல எத்தனை இந்த மாதிரி?"

அவர் கண்ணை மூடியபடியே யோசித்தார். நோட்டு மனப்பாடம். "முக்கால்வாசி."

அவள் சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்காக வந்த சிரிப்பு இல்லை. வாசல் வரைக்கும் அது அவளோடு போனது.

"அதை அணைச்சிட்டுப் படுங்க" என்றாள் கதவருகிலிருந்து.

"எதை அமுக்கணும்னு தெரியலை."

கதவு சாத்திக்கொண்டது. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து திரையைப் பார்த்தார். காட்டின் நடுவே ஆட்டத்தில் நடந்து போகிற ஆள் இவருக்காகக் காத்துக்கொண்டு, தோள் ஏறி இறங்க மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். இலைகள் அசைந்தன. ஓசியார் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மறுபடி மூடினார்.